பிரகலாதன் கேட்ட இரண்டாவது வரம்

இந்த மாதப் பாடம் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதையிலிருந்துதான். ஆனா நம்ம சமய வகுப்புகள்ல அந்தக் கதையை வழக்கமா எங்க நிறுத்துறோமோ, அதுக்கு அப்புறம் நடந்ததைப் பத்தித்தான் நான் எழுதப் போறேன். தூண் பிளக்கும், நரசிம்மர் வருவார், வாசப்படியில வச்சு இரணியனை முடிப்பார். பிள்ளைங்க கை தட்டுவாங்க. நாமளும் வகுப்பை முடிச்சிட்டு மைலோ கலக்கப் போயிடுவோம். அந்தப் பையன் அதுக்கப்புறம் என்ன ஆனான், தன்னைக் கொல்லப் பார்த்த அப்பாவைப் பத்தி என்ன நினைச்சான்னு யாரும் கேக்குறதில்ல.

நான் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தேன். காரணம், எனக்கும் அப்படி ஒரு அப்பா. இரணியன் அளவுக்கு இல்லதான். ஆனா நான் அவரோட பேசுறதில்ல, அந்த வீட்டுக்குப் போறதும் இல்ல. அதே நேரத்துல அவரை மன்னிச்சிட்டேன்னும் சொல்றேன். இதைச் சொன்னா பாதிப் பேர் நம்ப மாட்டாங்க. "மன்னிச்சிட்டா வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"ம்பாங்க. இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பாகவதத்தைத் திருப்பிப் படிச்சேன்.

முதல்ல, அந்த அப்பா என்ன செஞ்சார்னு பார்ப்போம். பாகவதம் ஏழாவது ஸ்கந்தம். குருகுலத்திலிருந்து வந்த பிள்ளையை இரணியன் மடியில தூக்கி வச்சு, என்ன படிச்சன்னு பாசமா கேக்குறார். பிள்ளை தனக்குச் சரின்னு பட்டதைச் சொல்றான். உடனே மடியிலிருந்து கீழ தூக்கி எறியுறார். எனக்கு இந்த இடம்தான் யானையை விடப் பெரிசாப் பட்டது. யானை, பாம்பு, விஷம், மலை உச்சி, பட்டினி எல்லாம் அதுக்குப் பின்னாலதான் வருது. மடியில வச்சிருந்த அதே கைதான் எறியுது. கோபக்கார அப்பா இருக்கிற வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இது புரியும். அடியை விட, எப்ப மடி, எப்ப தரைன்னு தெரியாமலே இருக்கிறதுதான் பயம்.

இப்ப அந்த வரத்துக்கு வருவோம். இரணியன் செத்த பிறகு நரசிம்மர் பிரகலாதனிடம் என்ன வேணும்னு கேக்குறார். முதல்ல அவன் ஒண்ணும் வேண்டாம்ங்கிறான். பக்தி பண்ணிட்டுக் கூலி கேட்டா அது வியாபாரம், கொடுக்கணும்னா ஆசையே என் மனசுல முளைக்காம இருக்கிற வரத்தைக் கொடுங்கன்னு சொல்றான். அதுக்குப் பிறகுதான், கொஞ்சம் தயங்கி, இரண்டாவதா ஒண்ணு கேக்குறான். என் தகப்பனார் உங்க பெருமை தெரியாம, உங்களைத் தன் தம்பியைக் கொன்னவர்னு நினைச்சு, கோபத்துல உங்களை நிந்திச்சார், உங்க பக்தனான எனக்கும் தீங்கு செஞ்சார். உங்க பார்வை பட்டதுமே அவர் தூய்மை ஆகியிருப்பார், இருந்தாலும் அந்தப் பாவத்திலிருந்து அவர் விடுபடணும்னு கேக்குறேன். இதுதான் அவன் கேட்டதோட சாரம்.

நிதானமாப் பாருங்க. அப்பா செஞ்சது தப்பு இல்லன்னு அவன் எங்கயுமே சொல்லல. 'என் நல்லதுக்குத்தான் செஞ்சார்'னும் சொல்லல. நடந்ததுக்கு நேராப் பாவம்னே பேர் வைக்கிறான். காரணத்தையும் சொல்றான்: தம்பி இரணியாட்சன் செத்த துக்கம், அதிலிருந்து வந்த தப்பான எண்ணம். ஆனா காரணம் சொன்னதால குற்றம் கரைஞ்சி போகல. குற்றம் இல்லன்னா விடுதலை எதுக்குக் கேக்கணும்?

அதை விட முக்கியமானது, இவ்வளவும் நடக்கும்போது அந்த அப்பா அங்க இல்ல. மன்னிப்புக் கேக்கல, அழல, பிள்ளையைக் கட்டிப் பிடிக்கல. கடைசி மூச்சு வரைக்கும் கத்தி தூக்கிட்டுத்தான் நின்னார். ஆக, பிரகலாதனோட மன்னிப்பு முழுசா ஒருத்தர் பக்கத்துலயே நடந்து முடியுது.

"அப்பா செத்துட்டாரே, அதனால சுலபம்"னு நீங்க கேக்கலாம். நானும் கேட்டேன். அதுக்குப் பதில் விஷ்ணு புராணத்துல இருக்கு. அதுல முதல் அம்சத்துல இதே கதை கொஞ்சம் வேற மாதிரி வருது. பாம்புக் கயிற்றால கட்டிக் கடல்ல போட்டு மேல பாறைகளைக் குவிக்கிறாங்க. பிரகலாதன் அதிலிருந்து மீண்டு வர்றான், விஷ்ணு காட்சி தர்றார். அங்கயும் அவன் இதே வரத்தைக் கேக்குறான், அதாவது தன்னைத் துன்புறுத்தினதால வந்த பாவத்திலிருந்து அப்பா விடுபடணும்னு. அப்ப இரணியன் உயிரோடதான் இருக்கார். பையன் திரும்பி வந்து வணங்குறான். அப்பா உச்சி முகர்ந்து, கட்டிப் பிடிச்சு, கண்ணீர் விட்டு, உயிரோட இருக்கியாப்பான்னு கேக்குறார். செஞ்ச கொடுமைக்கு வருந்தி அதுக்கப்புறம் அன்பா நடந்துக்கிறார்னு அந்தப் புராணம் சொல்லுது. நரசிம்மர் வர்றது பிற்பாடுதான்.

நம்மள்ல பலருக்கு இந்த முடிவு தெரியாது. எனக்கும் போன வருஷம் வரைக்கும் தெரியாது.

ரெண்டு புராணத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒரு விஷயம் பளிச்னு தெரியுது. வரம் ரெண்டுலயும் ஒண்ணுதான். முடிவு மட்டும் வேற. ஒண்ணுல அப்பா கட்டிப் பிடிக்கிறார், இன்னொண்ணுல இல்ல. அந்த அணைப்பு எதனால வந்தது? அப்பா வருந்தினதால, நடத்தையை மாத்திக்கிட்டதால. பிள்ளை மன்னிச்சது மட்டும் அதுக்குப் போதும்னா பாகவதத்துலயும் அது நடந்திருக்கணும். மன்னிக்கிறது ஒருத்தர் வேலை. ஒட்டுறவாகிறது ரெண்டு பேர் வேலை. இதை இன்னைக்கு உளவியல்காரங்களும் சொல்றாங்க. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல மன்னிப்பைப் பல வருஷமா ஆராய்ஞ்ச ராபர்ட் என்ரைட், மன்னிப்பும் மீண்டும் சேர்றதும் ஒண்ணு இல்லங்கிறதை அடிப்படையாவே வச்சிருக்கார். நமக்கு அது புராணத்துலயே இருக்கு, நாமதான் பாதியில நிறுத்திடுறோம்.

இன்னும் ஒரு இடம். மகாபாரதம் வன பர்வத்துல திரௌபதி தருமரோட வாதாடும்போது ஒரு பழைய உரையாடலைச் சொல்றா. பேரன் பலி தாத்தாகிட்ட வந்து, பொறுத்துப் போறது உயர்ந்ததா, கடுமை காட்டுறது உயர்ந்ததான்னு கேக்குறான். அந்தத் தாத்தா யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம பிரகலாதனேதான். அப்பாவுக்காக வரம் கேட்ட அதே ஆள், எப்பவுமே பொறுத்துப் போறது நல்லது இல்ல, எப்பவுமே கடுமையும் நல்லது இல்லன்னு சொல்றார். எப்பவும் பொறுத்துக்கிட்டே இருக்கிறவனை வேலைக்காரங்க கூட மதிக்க மாட்டாங்க, அவன் பொருளை எடுத்துக்குவாங்கன்னு விவரமாவே சொல்றார். முன்னாடி உதவி செஞ்சவன் ஒரு தப்புப் பண்ணினா பொறுக்கலாம். தெரியாம செஞ்சதைப் பொறுக்கலாம். முதல் தடவையைப் பொறுக்கலாம். தெரிஞ்சே செஞ்சிட்டுத் தெரியாதுன்னு சொல்றவனைச் சின்னத் தப்புக்கும் விடக் கூடாது.

நேர்மையா ஒண்ணு சொல்லிடுறேன். அது ஆட்சி நடத்துறவனுக்குச் சொன்ன அறிவுரை, பெத்தவங்களைப் பத்தினது இல்ல. தருமர் அதை ஏத்துக்காம பொறுமையைப் புகழ்ந்துதான் பதில் சொல்றார். அதனால இதைக் காட்டி அப்பா அம்மாவுக்குத் தண்டனை கொடுக்கக் கிளம்பாதீங்க. நான் எடுத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு: தெரிஞ்சு செஞ்சதா தெரியாம செஞ்சதா, ஒரு தடவையா திரும்பத் திரும்பவான்னு கேக்குறதை நம்ம நூலே தப்புன்னு சொல்லல.

உடனே "மாதா பிதா குரு தெய்வம்"னு யாராவது ஆரம்பிப்பாங்க. எங்க பெரியப்பா ஆரம்பிச்சார். தாயையும் தந்தையையும் தெய்வமா நினைக்கச் சொல்றது தைத்திரீய உபநிஷதம், சீக்ஷாவல்லி. படிப்பை முடிச்சு வீட்டுக்குப் போற மாணவனுக்குக் குரு சொல்ற புத்திமதி அது. அதே இடத்துல, அடுத்த வரியிலயே, குற்றமில்லாத செயல்களை மட்டும் பின்பற்று, மத்ததை வேண்டாம்ங்கிற பொருள்லயும் வருது. எங்க நல்ல நடத்தையை மட்டும் எடுத்துக்கோன்னு குருவே தன்னையும் சேர்த்துச் சொல்லிக்கிறார். மதிக்கச் சொன்ன வாயேதான் பிரிச்சுப் பார்க்கவும் சொல்லுது. பெரியப்பாவுக்கு இதைக் காட்டினேன். "படிச்சிட்டீங்கடா எல்லாம்"னுட்டு டிவியைப் போட்டார்.

இப்ப என் விஷயம். யார் மேலயும் பழி போட இல்ல, வேலை எப்படி நடந்ததுன்னு காட்டத்தான் எழுதுறேன். எங்க அப்பா அடிப்பார். ரோத்தான் இல்ல, தண்ணிக் குழாய். குடிச்சாலும் அடிப்பார், குடிக்காட்டியும் அடிப்பார். அதை விட வாய். நான் எதுக்கும் லாயக்கு இல்லங்கிறது எங்க வீட்டுல சாமி படத்துக்குப் பூ வைக்கிற மாதிரி தினசரி நடக்கும். நான்காம் படிவத்துல, பதினாறு வயசுல, பாட்டி வந்து "இவன் என்கூட இருக்கட்டும்"னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. அங்கிருந்துதான் எஸ்.பி.எம். எழுதினேன், மெட்ரிகுலேஷன் போனேன், இப்ப பொறியியல் மூணாம் வருஷம். அம்மா இன்னும் அவர்கூடதான் இருக்காங்க. மாசத்துக்கு ஒரு தடவை பாட்டி வீட்டுக்கு வந்து என்னைப் பார்ப்பாங்க.

ரெண்டாம் வருஷத்துல ஒரு எக்ஸர்சைஸ் புத்தகம் வாங்கி எழுத ஆரம்பிச்சேன். பிரகலாதன் பேசினதை அப்படியே வரிசையாப் பின்பற்றினேன்.

முதல்ல நடந்ததை எழுதினேன். 'கொடூரமான', 'மிருகத்தனமான' மாதிரி அடைமொழி எதுவும் கிடையாது. லேப் ரிப்போர்ட் எழுதுற மாதிரி: எந்த வருஷம், எந்த இடம், என்ன செஞ்சார், என்ன சொன்னார். மூணு பக்கம் வந்தது. அடைமொழி போடாம எழுதும்போது ரெண்டு விஷயம் நடந்துச்சு. நான் பெரிசா நினைச்சிருந்த சிலது சின்னதாத் தெரிஞ்சது. சின்னதுன்னு ஒதுக்கி வச்சிருந்த சிலது ரொம்பப் பெரிசாத் தெரிஞ்சது.

அடுத்து காரணம். அம்மாகிட்டயும் பாட்டிகிட்டயும் கேட்டேன். அப்பா தோட்டத்துல பிறந்தவர். தாத்தா பால்மரம் வெட்டினவர், அவரும் அடிப்பாராம், அப்பா காதுல ஒரு தழும்பு அதனாலதான். தோட்டத்தை வித்து லயத்தை இடிச்சப்ப குடும்பம் டவுனுக்கு வந்துச்சு. அப்பா படிப்பை விட்டுட்டு லாரிக்கு அட்டெண்டனா போனார். இதையெல்லாம் எழுதும்போது எனக்கு அந்தப் பையன் மேல இரக்கம் வந்தது. ஆனா இங்க ஒரு வழுக்கல் இருக்கு, கவனமா இருக்கணும். காரணம் தெரிஞ்சதும் 'அப்ப அவர் மேல தப்பே இல்ல'னு மனசு ஓடும். அதே தோட்டத்துல அதே அடி வாங்கி வளர்ந்த சித்தப்பா தன் பிள்ளைங்க மேல கை வச்சதே இல்ல. அந்த ஒரு வரியையும் பக்கத்துலயே எழுதி வச்சேன்.

மூணாவதுதான் கஷ்டம். அவர் எனக்கு என்னென்ன கடன்பட்டிருக்கார்னு எழுதினேன். 'சாரி' சொல்லணும். சொந்தக்காரங்க முன்னாடி, இவன்மேல தப்பு இல்ல நான்தான்னு சொல்லணும். பட்டமளிப்பு விழாவுக்கு வந்து அழணும் (இதை எழுத எனக்கே கூச்சமா இருந்துச்சு, ஆனா உண்மை). அம்மாவை நல்லா வச்சுக்கணும். இனிமே என்னை அடிக்கக் கூடாது.

இந்தப் பட்டியலைப் பார்த்தப்பதான் மன்னிப்புன்னா என்னன்னு எனக்குக் கையில பிடிபட்டது. முதல் மூணும் வசூல் பண்ண முடியாத கடன். அதுக்காகக் காத்திருக்கிற வரைக்கும் என் நிம்மதியோட சாவி அவர் பாக்கெட்டுலதான். அதை ஒண்ணொண்ணா கோடு போட்டு அடிச்சேன். ஒரே ராத்திரியில இல்ல, பட்டமளிப்பு விழாவை அடிக்க நாலு மாசம் ஆச்சு. கடைசி ரெண்டை அடிக்கல. ஏன்னா அது கடன் இல்ல, பாதுகாப்பு. அம்மாவுக்கோ எனக்கோ அடி விழுறதை 'மன்னிச்சிட்டேன்'னு சொல்லி விட்டுக் கொடுக்க எந்த நூலும் சொல்லல. மன்னிக்கிறதையும் அனுமதிக்கிறதையும் நம்மாளுங்க அடிக்கடி குழப்பிக்கிற இடம் இதுதான்.

கடைசியா, அவருக்காக ஒண்ணு கேக்கணும். பிரகலாதன் செஞ்சது அதுதானே. வெள்ளிக்கிழமை கோவில்ல அர்ச்சனைச் சீட்டு எழுதுற அண்ணன்கிட்ட அம்மா பேர், பாட்டி பேர், என் பேர் சொல்லுவேன். ஒரு வெள்ளிக்கிழமை அப்பா பேரையும் அனுஷம், விருச்சிகம்னு சேர்த்துச் சொன்னேன். குருக்கள் சங்கல்பத்துல வாசிச்சப்ப எனக்குப் பெரிசா ஒண்ணும் ஆகல. கண்ணீர் எல்லாம் வரல. மறு வாரமும் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் சொல்றேன். அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இப்ப அமைதி. மன்னிச்சா மனசு லேசாகும்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா சேராத மன்னிப்புல அந்த அமைதி எப்படி இருக்கும்னு யாரும் சொல்றதில்ல. நான் படிக்கிறது மெக்கானிக்கல், அதனால எனக்குத் தோணின உதாரணம் அங்கிருந்துதான். ஒரு உலோகத் தகட்டுல விரிசல் விழுந்துடுச்சுன்னா, விரிசலோட நுனியில எல்லா அழுத்தமும் குவியும். ஒவ்வொரு தடவை பாரம் ஏறி இறங்கும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமா நீளும். இதுக்கு ஒரு பழைய வைத்தியம் இருக்கு: விரிசல் முடியுற இடத்துல சரியா ஒரு வட்டத் துளை போடுறது. கூர்மையான நுனி போயி வளைவு வந்துடுறதால அழுத்தம் பரவிடும், விரிசல் அங்கயே நின்னுடும். விமானத் தகட்டுலயும் பாலத்துலயும் இதைச் செய்வாங்க. கவனிங்க, விரிசல் மூடல, தகடு புதுசாகல. அந்த இடத்துல பழைய பாரத்தை ஏத்தவும் மாட்டாங்க, அப்பப்ப வந்து பார்த்துக்கிட்டே இருப்பாங்க.

என் அமைதியும் கிட்டத்தட்ட அப்படித்தான். பதஞ்சலி யோக சூத்திரம் முதல் பாதத்துல, மனசு தெளியுறதுக்கு நாலு மனநிலைகளைச் சொல்றார். சுகமா இருக்கிறவங்ககிட்ட நட்பு, துன்பப்படுறவங்ககிட்ட கருணை, நல்லது செய்றவங்களைப் பார்த்து மகிழ்ச்சி, தீயது செய்றவங்ககிட்ட உபேக்ஷை. இந்த உபேக்ஷையை நாம 'அலட்சியம்'னு மொழிபெயர்த்துக் கெடுத்துட்டோம். அந்தச் சொல்லுக்குள்ள 'பார்க்கிறது'ங்கிற வேர் இருக்கு. பார்க்கணும், ஆனா உள்ள இழுபடக் கூடாது. நாலையும் ஒரே ஆள்மேல வைக்கச் சொல்லல பாருங்க, ஆளோட நிலையைப் பொறுத்து மாறுது. எங்க அப்பா காய்ச்சல்ல படுத்திருந்தார்னு அம்மா சொன்னா எனக்குக் கருணை வருது. அக்கா மூலமா மருந்துக்குப் பணம் அனுப்பியிருக்கேன். அவர் கத்துறார்னா உபேக்ஷை.

போன தீபாவளிக்கு இது சோதனைக்கு வந்துச்சு. பெரியப்பா வீட்டு விருந்துல, எனக்கு முன்கூட்டி ஒண்ணும் சொல்லாமலே, மாமா போனை என் காதுல வச்சுட்டார். "உங்கப்பா லைன்ல இருக்கார், பேசுடா." எல்லாரும் பார்க்குறாங்க. நான் "வணக்கம்ப்பா, தீபாவளி வாழ்த்துகள்"னேன். மறுபக்கம், "பெரிய இன்ஜினியர் ஆயிட்டியோ, உனக்குச் சோறு போட்டது யாருடா?" குரல் மாறல, வார்த்தையும் மாறல. முன்னாடின்னா கை நடுங்கியிருக்கும், அன்னைக்கு ராத்திரி முழுக்க மனசுக்குள்ள பதில் சொல்லிக்கிட்டே இருந்திருப்பேன். அன்னைக்கு, "உடம்பைப் பார்த்துக்குங்கப்பா, வைக்கிறேன்"னு சொல்லிட்டுப் போனை மாமாகிட்ட கொடுத்தேன். மறுபடி உட்கார்ந்து மிச்சம் இருந்த முறுக்கைத் தின்னேன். எனக்கே ஆச்சரியம்.

மன்னிப்பு உண்மையா, வெறும் வாய்ப்பேச்சான்னு நம்மளுக்கு எப்படித் தெரியும்? நான் கவனிச்ச அடையாளங்கள் சில. மோட்டார் ஓட்டும்போது மனசுக்குள்ள அவரோட வாதம் நடக்குதான்னு பார்ப்பேன். முன்னாடி தினமும் நடக்கும், இப்ப மாசத்துக்கு ஒரு தடவை இருக்கும். 'நான் மன்னிச்சிட்டேன்'னு நாலு பேருக்குச் சொல்லணும்னு துடிப்பு இருந்தா அது இன்னும் கடன் வசூல்தான், வேற ரூபத்துல. அவருக்கு ஒரு நல்லது நடந்தா உள்ள எரியுதான்னும் பார்ப்பேன். போன வருஷம் வேலையிடத்துல அவருக்குச் சம்பளம் கூடுச்சுன்னு கேட்டப்ப எரியல, ஆனா சந்தோஷமும் வரல. அது போதும்னு விட்டுட்டேன். எவரெட் வொர்திங்டன்ங்கிற உளவியலாளர், மன்னிக்கிறதா முடிவு எடுக்கிறது வேற, உணர்ச்சி மாறுறது வேறன்னு பிரிக்கிறார். முடிவு முன்னாடி போகும், உணர்ச்சி பின்னாடி மெதுவா நடந்து வரும். இது தெரியாட்டி, ஒரு நாள் பழைய கோபம் வந்ததும் 'அய்யோ, நான் மன்னிக்கவே இல்ல போல'னு பயந்துடுவோம்.

"அப்ப கடைசி வரைக்கும் சேரவே மாட்டியா?"னு பாட்டி கேட்டாங்க. கதவைப் பூட்டிச் சாவியைக் கடல்ல போடல பாட்டின்னு சொன்னேன். விஷ்ணு புராணத்து இரணியன் மாதிரி அவர் மாறினா, நானும் யோசிப்பேன். ஆனா எதை வச்சு மாறிட்டார்னு சொல்றது? செஞ்சதை 'ஆனா நீயும்...'னு இழுக்காம சொல்லணும். அம்மாகிட்ட அவர் நடந்துக்கிறது ஒரு வருஷமாவது வேற மாதிரி இருக்கணும். பார்த்தா முதல்ல வெளிய, பாட்டி கூட இருக்க, நான் நினைச்சா எழுந்து வர முடியுற இடத்துல பார்க்கணும். இது மன்னிப்புக்கு நான் போட்ட நிபந்தனை இல்ல, அது முடிஞ்ச வேலை. கூடி வாழ்றதுக்கான நிபந்தனை.

பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற தம்பி தங்கைங்க இதைப் படிச்சா உங்களுக்கு ஒரு வார்த்தை. பாகவதத்துல வரிசையைப் பாருங்க. முதல்ல ஆபத்து நின்னுச்சு, அப்புறம்தான் வரம். விஷ்ணு புராணத்துலயும் கடலிலிருந்து மீண்ட பிறகுதான் கேக்குறான். அடி விழுந்துக்கிட்டு இருக்கும்போது மன்னிக்கிறதைப் பத்தி நீங்க யோசிக்க வேண்டியதே இல்ல. யார்கிட்டயாவது சொல்லணும், அவ்வளவுதான். வகுப்பு ஆசிரியர், கவுன்சிலர், பாட்டி, எங்க மாதிரி அண்ணன் அக்காங்க. அரசாங்கத்தோட தாலியான் காசே எண் 15999, எந்த நேரமும் கூப்பிடலாம். நம்ம நாட்டுல 2001ஆம் வருஷத்துச் சிறுவர் சட்டம் பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள எல்லாருக்கும் பொருந்தும், பெத்தவங்க அடிச்சாலும் பொருந்தும். மனசு பாரமா இருந்து யார்கிட்டயாவது பேசினாப் போதும்னு இருந்தா பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், 03-7627 2929. வகுப்பு நடத்துற அண்ணன் அக்காங்களும், ஒரு பிள்ளை வந்து இப்படிச் சொன்னா, "அப்பாதானே, மன்னிச்சிடு"னு முதல் வாக்கியமாச் சொல்லிடாதீங்க. மன்னிக்கிறது அந்தப் பிள்ளையோட உரிமை, அது எப்பன்னு அதுதான் முடிவு பண்ணும். மன்னிக்கவே முடியலன்னாலும் அந்தப் பிள்ளை குறைஞ்சவங்க இல்ல.

கடைசியா, என்னை எல்லாரும் கேக்குற ஒரு கேள்வி. அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா கொள்ளி வைப்பியா? நான் ஒரே பையன். பாகவதத்துல இதுக்கும் பதில் இருக்கு. நரசிம்மர், உன் தகப்பன் மட்டும் இல்ல, இருபத்தொரு தலைமுறையும் தூய்மை ஆயிடுச்சுன்னு சொல்றார். சொல்லிட்டு, அதோட விடாம, போயி அப்பாவுக்குச் செய்ய வேண்டிய ஈமக்கடனைச் செய்ங்கிறார். தூய்மை ஆனவருக்குச் சடங்கு எதுக்குன்னு கேக்கத் தோணும். எனக்குப் புரிஞ்ச வரைக்கும், அது பிள்ளை செய்ய வேண்டிய கடமை, பாசம் இருந்தாத்தான் செய்யணும்னு இல்ல. அதனால நான் முடிவு பண்ணிட்டேன். அந்த நாள் வந்தா போவேன். மொட்டை போட்டுக்குவேன், பானை உடைப்பேன், பதினாறாம் நாள் வரைக்கும் செய்ய வேண்டியதை எல்லாம் செய்வேன். என்னை விட அதிகமாக் காயப்பட்டவங்க வேற முடிவு எடுக்கலாம், அதுல எனக்கு ஒரு கருத்தும் இல்ல. அம்மாகிட்ட மட்டும் இதைச் சொல்லி வச்சிருக்கேன். அவங்க கேட்டுக்கிட்டு, "அது வரைக்கும் நீ வர வேண்டாம்யா, நான் வந்து பார்த்துக்கிறேன்"னாங்க.